வாட்ஸ்அப் குரூப்பின் 640 மெசேஜை அரைப் பக்கமாக்குவது எப்படி: முடிவானவை, முடிவாகாதவை

எங்கள் அடுக்குமாடியில் 18 வீடுகள். 2024 செப்டம்பரில் மொட்டை மாடி ஒழுகல் பற்றி ஒன்பது நாள் குரூப்பில் பேசினார்கள். மொத்தம் 640 மெசேஜ். அதில் பாதிக்கு மேல் விசிட்டர் கார், தண்ணீர் லாரி, யாரோ ஒருவர் வீட்டு நாய். ஆர்வமாக முன்வந்த ஒரு தம்பி அதற்குச் சுருக்கம் எழுதிப் போட்டார். ‘மாடி முழுக்க கோட்டிங் அடிக்க முடிவாகிவிட்டது’ என்பது முதல் வரி. அது தவறு. அதைத் திருத்தப் போய் இன்னும் 90 மெசேஜ் வந்ததுதான் மிச்சம்.

அந்தத் தம்பி சோம்பேறி இல்லை, எல்லாவற்றையும் படித்துத்தான் எழுதினார். வேலையைச் செய்த வரிசைதான் தப்பு. அதே பேச்சை வைத்து, சரியான வரிசை எது என்று கீழே சொல்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, சுருக்கம் யாருக்கு என்பதற்கான பதில். எங்களுக்கு அது குரூப்பே பார்க்காத மூன்று வீட்டுக்காரர்களுக்கும், வெளியூரில் இருக்கும் இரண்டு ஓனர்களுக்கும். அவர்களுக்கு வேண்டியது ‘என்ன முடிவாயிற்று, நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்ற இரண்டே விஷயம். யார் யாரைத் திட்டினார்கள் என்பது வேண்டாம். இது தெளிவாக இல்லாவிட்டால் எல்லாமே முக்கியமாகத் தோன்றும்.

இரண்டாவது, ஆள் பட்டியல். எந்த நம்பர் எந்த வீடு, அவர் ஓனரா வாடகைக்கு இருப்பவரா, கமிட்டியில் இருக்கிறாரா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வார்த்தைக்கு ஆளைப் பொறுத்து எடை மாறும் என்பதால் இது அவசியம். எங்கள் சங்கத்தில் 25,000 ரூபாய்க்கு மேல் போகும் செலவுக்குக் கமிட்டியின் ஐந்து பேரில் மூன்று பேராவது ஒப்புக்கொள்ள வேண்டும். இது தெரியாத ஒருவர் சுருக்கம் எழுதினால், அதிகம் பேசியவரின் விருப்பமே முடிவாகிவிடும்.

மூன்றாவது, இரண்டு மணி நேரம், ஒரே உட்காரலில். பேச்சை இரண்டு நாளாகப் பிரித்துப் படித்தால் நடுவில் மாறிய விஷயம் கண்ணில் படாது.

## 2. பேச்சை வெளியே எடுப்பது, அதில் காணாமல் போவது

போனில் மேலும் கீழும் தள்ளிப் படித்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. அதனால் டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் குரூப்பைத் திறந்து மூன்று புள்ளி, பிறகு `More`, `Export chat`, `Without media`. குரூப்பில் `Advanced chat privacy` ஆன் செய்திருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது, அதை ஆஃப் செய்த பிறகுதான் முடியும்.

வரும் ஃபைல் இப்படி இருக்கும். நம்பர்களை எடுத்துவிட்டு வீட்டு எண்ணாக மாற்றியிருக்கிறேன், நீங்களும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

```
16/09/24, 9:42 pm - 2பி: கோட்டிங் போதும், டைல்ஸ் இப்ப வேணாம்
16/09/24, 9:44 pm - 3சி: <Media omitted>
16/09/24, 9:51 pm - தலைவர்: சரி, பண்ணிடலாம்
16/09/24, 9:52 pm - 1ஏ: சரி
16/09/24, 9:58 pm - 1ஏ: ஆனா தினமும் அதே இடத்துல நிறுத்தக் கூடாது
```

இந்த ஐந்து வரியிலேயே இரண்டு கண்ணி இருக்கிறது. 1ஏ சொன்ன ‘சரி’ தலைவருக்குச் சொன்னது போலத் தெரிகிறது. போனில் பார்த்தால் அது ஒன்பது மணிக்கு வந்த விசிட்டர் கார் மெசேஜைப் பிடித்து அனுப்பிய பதில். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் எந்த மெசேஜுக்குப் பதில் என்ற தொடர்பு வராது. மெசேஜ் மேல் போடும் கட்டைவிரல், இதயம் எதுவும் வராது. ஆகவே தனியாக நிற்கும் ‘சரி’, ‘ஓகே’, ‘ஆமாம்’ ஒவ்வொன்றையும் போனில் திறந்து பார்த்த பிறகே கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று `<Media omitted>`. 3சி-யிலிருந்து வந்த அது போட்டோ இல்லை, இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ். ‘முதல்ல வேலை நடக்கட்டும், பணம் யார் தர்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம்’ என்று அதில் சொல்லியிருந்தார். ஒழுகும் வீட்டுக்காரரே இப்படிச் சொன்னது பேச்சின் போக்கையே மாற்றியது. தம்பி இதைக் கேட்கவே இல்லை, ஃபைலை மட்டும்தான் படித்தார். வாய்ஸ் மெசேஜை எல்லாம் கேட்டு, சாரத்தை ஒரே வரியில் ஃபைலிலேயே அந்த இடத்தில் எழுதிவிடுங்கள். கொட்டேஷன் போட்டோ இருந்தால் தொகையையும் அப்படியே.

`This message was deleted` என்று வரும் இடத்தில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டாம். அடுத்து வரும் பதில்கள் அதையே பிடித்துப் போனால், போட்டவரிடம் கேளுங்கள்.

## 3. முதல் வாசிப்பு: சுருக்கம் எழுதக் கூடாது

புதிதாகச் செய்பவர் எல்லோரும் தடுக்குவது இங்கேதான். படித்துக்கொண்டே சுருக்கத்தின் வரிகளை எழுதத் தொடங்குவார்கள். 16-ஆம் தேதி வந்ததும் ‘கோட்டிங் முடிவு’ என்று எழுதியாகிவிடும். எழுதிய வரி மனதில் உட்கார்ந்துவிட்டால், 18-ஆம் தேதி அது மாறியதைப் பார்த்தாலும் ஏதோ ஒரு அபிப்பிராயம் என்றுதான் தோன்றும்.

முதல் சுற்றில் செய்ய வேண்டியது ஒன்றே. ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஓர் எழுத்து. நான் வைத்தது: மா - மாடி வேலை, ப - பணம், கா - கார், மற்றதெல்லாம் கோடு. ஒரு வரிக்கு இரண்டு எழுத்தும் போடலாம். 640 வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. காலை வணக்கப் படங்களுக்கு நேரம் செலவாகாது.

எழுத்துகள் ஆறுக்கு மேல் போக வேண்டாம். ஒருமுறை பதினொன்று வைத்தேன். எந்த வரி எதில் சேரும் என்று யோசிப்பதே தனி வேலையாகிவிட்டது.

## 4. கிளைப் பேச்சை இப்போதே வெட்ட வேண்டாம்

கார் சண்டை மட்டும் 140 மெசேஜ். அதை மொத்தமாக அழித்துவிட்டால் ஃபைல் கச்சிதமாகும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சண்டையின் நடுவில்தான், 18-ஆம் தேதி இரவு, பொருளாளர் இதைச் சொன்னார்:

```
18/09/24, 10:07 pm - பொருளாளர்: கார் கோடு போட பெயின்ட் வாங்கக் கூட யோசிக்கணும். கார்பஸ்ல 1,10,000 தான் இருக்கு. அக்டோபர்ல லிஃப்ட் ஏ.எம்.சி. 38,000 கட்டணும்
```

பேசியது காருக்கு. ஆனால் இதுதான் மாடி வேலையின் தலையெழுத்தை மாற்றிய வரி. மீதி நிற்பது 72,000, முழு மாடி கோட்டிங்குக்கு வந்த கொட்டேஷன் 96,000. போதாது. அடுத்த இருபது நிமிடத்தில் தலைவர் திட்டத்தையே மாற்றினார்.

கிளைப் பேச்சில் பணம், தேதி, சாவி, ஆள் இந்த நான்கில் ஒன்று வந்தால் நின்று பாருங்கள். எவ்வளவு இருக்கிறது, எப்போது, திறந்துவிடுவது யார், செய்யப்போவது யார் என்பவை எந்தப் பேச்சில் வந்தாலும் இன்னொரு பேச்சைத் தொடும். துணி காயப்போடும் கம்பி பற்றிய வம்பிலும் இப்படி ஒன்று கிடைத்தது, அது கீழே வருகிறது.

## 5. எது முடிவு? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்

எல்லாவற்றையும் குறித்த பிறகு, ‘மா’ வரிகளை மட்டும் வரிசையாக எடுத்து வையுங்கள். இப்போது முடிவு போலத் தோன்றும் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி.

என்ன செய்வது என்று யாராவது தெளிவாகச் சொன்னார்களா? ‘ஏதாவது பண்ணணும்ங்க’ என்பதற்கு 12 பேர் ஆமோதித்திருந்தார்கள். 12 பேர் ஆமோதித்ததால் அது முடிவாகிவிடாது, கவலைதான். ‘மழைக்கு முன்னாடி தொட்டிப் பக்கமும் 3சி மேலயும் மட்டும் அடிச்சிடலாம், மீதி ஜனவரிக்கு அப்புறம்’ என்று தலைவர் சொன்னதில் இடம், வேலை, காலம் மூன்றும் இருக்கிறது. இது முடிவாகத் தகுதி உள்ள வாக்கியம்.

ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் ஒப்புக்கொண்டார்களா? இங்கேதான் ஆள் பட்டியல் கைகொடுக்கும். தலைவர் சொன்னார், பொருளாளர் ‘இது முடியும்’ என்றார், 2பி ‘சரி, நான் கான்ட்ராக்டர்கிட்ட பேசறேன்’ என்றார். மூவருமே கமிட்டி. போனில் பார்த்தபோது நான்காவது கமிட்டிக்காரரின் கட்டைவிரலும் இருந்தது. ஐந்தாமவர் பேசவில்லை. பேசாதிருந்ததைச் சம்மதம் என்று எழுதக் கூடாது, மூன்று பேரே போதும் என்பதால் அவரைப் பற்றி எழுதவே தேவையில்லை.

பிறகு யாராவது அதை மாற்றினார்களா? இதற்கு அடுத்த பகுதியில் தனி வழி இருக்கிறது.

குரூப்பில் ஒரு வாக்கெடுப்பு, அதாவது போல் கூட நடந்தது. எக்ஸ்போர்ட்டில் அது `POLL:` என்றும் கீழே `OPTION:` என்றும் வோட்டு எண்ணிக்கையோடு வரும். கோட்டிங் 9, டைல்ஸ் 4. ‘போல் இருக்கிறதே, அதுதானே முடிவு’ என்றார் தம்பி. போல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். கோட்டிங்கா டைல்ஸா என்பதுதான் கேள்வி. முழு மாடியா பாதியா என்று யாரையும் கேட்கவில்லை. ஆகவே கோட்டிங் என்பது வரைக்கும் போலும் தலைவரின் ‘சரி’யும் நிற்கும். முழு மாடி என்பது தம்பி தானாகச் சேர்த்துக்கொண்டது.

சொல்லை விட உறுதியான சாட்சி ஒன்று உண்டு, அது காரியம். 19-ஆம் தேதி காலை தலைவர், ‘கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் 10,000 கொடுத்தாச்சு, தொட்டிப் பக்கம் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன்’ என்று போட்டார். பணம் கைமாறிய பிறகு எது முடிவு என்பதில் சந்தேகம் இல்லை. பேச்சில் குழப்பம் இருந்தால் இப்படி யாராவது எதையாவது செய்துவிட்டார்களா என்று தேடுங்கள்.

மூன்று கேள்வியில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அது முடிவுப் பட்டியலில் ஏறக் கூடாது. கேள்விப் பட்டியலுக்குத் தள்ளிவிடுங்கள். அங்கே தவறாகப் போய் உட்கார்ந்த முடிவை ஒரு ஆள் ‘இது முடிஞ்சு போச்சே’ என்று ஒரு வரியில் சரிசெய்துவிடுவார். முடிவாகாததை முடிவு என்று எழுதினால் சண்டைதான் வரும்.

## 6. கடைசியிலிருந்து முன்னோக்கி ஒரு முறை

இப்போது ‘மா’, ‘ப’ வரிகளைக் கடைசி மெசேஜிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் முதலில் கண்ணில் படுவதுதான் அதன் இன்றைய நிலை. அட்வான்ஸ், அதற்கு மேல் தொட்டிப் பக்கம் மட்டும், அதற்கு மேல் 72,000 கணக்கு, அதற்கும் மேல் 16-ஆம் தேதியின் ‘பண்ணிடலாம்’. இந்த வரிசையில் வரும்போது அந்தப் பழைய ‘பண்ணிடலாம்’ தானாகவே சின்னதாகிவிடும். கீழ்நோக்கிப் படிக்கும்போது முதலில் வந்ததன் பிடி விடாது.

மாறிய முடிவைச் சத்தமில்லாமல் விட்டுவிடாதீர்கள். 16-ஆம் தேதி இரவோடு குரூப்பை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள். ‘முன்பு பேசியது இது, இந்தக் காரணத்தால் மாறியது’ என்று அரை வரி சேர்த்தால்தான் அவர்கள் உங்கள் சுருக்கத்தை நம்புவார்கள்.

## 7. முடிவாகாதவற்றைத் தேடிப் பிடிப்பது

முடிவுகளை யாராவது அறிவித்துவிடுவார்கள். பதில் வராத கேள்விகளை யாரும் அறிவிப்பதில்லை, நாம்தான் தேட வேண்டும். அவை மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்.

ஒன்று, கேட்டுவிட்டு அப்படியே போனவை. ஃபைலில் கேள்விக்குறியைத் தேடினால் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நம் ஆட்கள் பாதிப் பேர் கேள்விக்குறி போடுவதில்லை. ‘யாரு’, ‘எப்ப’, ‘எவ்ளோ’, ‘என்னாச்சு’ என்றும் தேடிப் பாருங்கள், தங்கிலீஷில் எழுதுபவர்களுக்காக `yaaru`, `eppo`, `evlo` என்றும். இப்படித் தேடியபோதுதான் துணிக்கம்பி வம்பின் நடுவே 3ஏ கேட்டது சிக்கியது: ‘தொட்டி பக்கத்துல நாலு டிஷ் ஆன்டெனா போல்ட் போட்டிருக்கு, கம்பித் தூணும் இருக்கு, அதையெல்லாம் யாரு கழட்டறது’. அடுத்த மெசேஜ் ஒரு சிரிப்பு ஸ்டிக்கர். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை. கழற்றாமல் அடித்தால் போல்ட் ஓட்டை வழியாகவே தண்ணீர் இறங்கும், கான்ட்ராக்டர் முதல் நாளே கேட்கப்போகிற கேள்வி இது.

இரண்டு, ‘பார்த்துச் சொல்றேன்’ வகை. 2பி, ‘பாதி மாடிக்கு 41,000 ஆகும்ங்கறார், எழுத்துல வாங்கித் தர்றேன்’ என்று சொல்லியிருந்தார். வேலை முடிவாகிவிட்டது, தொகை முடிவாகவில்லை. தம்பி 41,000-ஐ முடிவோடு சேர்த்து எழுதியிருந்தார். வாய்ச்சொல்லில் இருக்கும் தொகையைக் கேள்விப் பக்கத்தில் வையுங்கள்.

மூன்று, இரண்டு தரப்பும் களைத்துப்போய் விட்டவை. செலவை யார் ஏற்பது என்பதில் 1ஏ, ‘மேல்மாடிக்காரங்க பாதி போடணும்’ என்றார். 3சி, ‘மாடி எல்லாருக்கும் பொது’ என்றார். 34 மெசேஜ். கடைசி வார்த்தை 1ஏ-வுடையது என்பதால் அவர் ஜெயித்ததாக ஆகாது. இரண்டு நிலைப்பாட்டையும் ஒவ்வொரு வரியில், ஏறத்தாழ ஒரே நீளத்தில் எழுதுங்கள். ஒன்றுக்கு மூன்று வரியும் மற்றதற்கு அரை வரியும் கொடுத்தால், நீங்கள் யார் பக்கம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. 3சி சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் குரூப்பில் நான் அதைச் சொல்லவில்லை, ஆகவே சுருக்கத்திலும் அதற்கு இடமில்லை. சொல்ல ஆசையாக இருந்தால் சுருக்கத்தைப் போட்ட பிறகு தனி மெசேஜாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றையும் கேள்வியாகவே எழுதுங்கள். ‘செலவுப் பகிர்வு பற்றி விவாதம்’ என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘செலவு எல்லா வீட்டுக்குமா, மேல்மாடிக்குத் தனிப் பங்கா?’ என்று எழுதினால் பதில் சொல்லத் தோன்றும்.

## 8. எழுதுவது

இப்போதுதான் எழுத உட்கார வேண்டும். வேலை எல்லாம் முடிந்துவிட்டதால் பத்து நிமிடம் போதும். நான் கடைசியில் போட்டது இது:

> மொட்டை மாடி ஒழுகல்: 11 முதல் 19 செப்டம்பர் வரை பேசியது
>
> முடிவானவை
> 1. டைல்ஸ் இல்லை, கோட்டிங். (16-ஆம் தேதி, போல் 9க்கு 4, தலைவர் ஏற்றார்)
> 2. மழைக்கு முன் தொட்டிப் பக்கமும் 3சி-க்கு மேலும் மட்டும். மீதி ஜனவரிக்குப் பிறகு. (18-ஆம் தேதி இரவு: தலைவர், பொருளாளர், 2பி) 16 அன்று பேசும்போது முழு மாடிக்கான கொட்டேஷன்தான் இருந்தது. லிஃப்ட் ஏ.எம்.சி. போக 72,000 மட்டுமே மிஞ்சும் என்பதால் மாறியது.
> 3. அட்வான்ஸ் 10,000 கொடுத்தாயிற்று. (19-ஆம் தேதி, தலைவர்)
>
> பதில் வேண்டியவை
> 1. பாதி மாடிக்கு எழுத்தில் தொகை எவ்வளவு? வாய்ச்சொல்லில் 41,000. வாங்கித் தருவதாகச் சொன்னவர் 2பி.
> 2. டிஷ் ஆன்டெனா, கம்பித் தூண் யார் கழற்றுவது? 3ஏ கேட்டார், பதில் வரவில்லை. வேலை தொடங்கும் முன் தெரிய வேண்டும்.
> 3. செலவு எல்லா வீட்டுக்குமா, மேல்மாடிக்குத் தனிப் பங்கா? 1ஏ: மொத்தச் செலவில் மேல்மாடி பாதி தர வேண்டும். 3சி: மாடி பொது, எல்லோரும் தர வேண்டும், வேலையை இதற்காக நிறுத்த வேண்டாம்.
>
> விசிட்டர் கார் பற்றிப் பேசியது இதில் இல்லை.

தேதியும் ஆளும் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். சந்தேகம் வருபவர் அந்தத் தேதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், உங்களிடம் வாதாட வேண்டியதில்லை. கேள்விகளின் வரிசை அவசரத்தைப் பொறுத்தது. 34 மெசேஜ் ஓடிய செலவுப் பங்கு கடைசியிலும், ஒரே மெசேஜில் வந்த ஆன்டெனா அதற்கு முன்னும் இருப்பது அதனால்தான். கடைசி வரி சின்னதுதான், ஆனால் அதை விட்டால் ‘கார் விஷயத்தை ஏன் மறைச்சீங்க’ என்று ஒருவர் நிச்சயம் வருவார்.

‘சூடான விவாதத்துக்குப் பின்’, ‘ஒருமனதாக’ போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். போலில் 4 பேர் டைல்ஸ் கேட்டிருக்கும்போது ஒருமனதாக என்பது பொய்.

## 9. போடும் முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள்

குரூப்பில் போடுவதற்கு முன் அதிகம் மோதிக்கொண்ட இரண்டு பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். ‘உங்க நிலைப்பாடு சரியா வந்திருக்கா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் முழுச் சண்டையும் உங்கள் இன்பாக்ஸில் மறுபடி நடக்கும். 1ஏ எனக்கு ஒரு திருத்தம் சொன்னார்: அவர் ‘பாதி’ என்று சொன்னது மொத்தச் செலவில் பாதியாம், வீட்டுக்குப் பாதி இல்லை. போனைத் திறந்து அவர் மெசேஜைப் பார்த்தேன், இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘மொத்தச் செலவில்’ என்று ஒரு சொல் சேர்த்தேன்.

முடிவுகள் பகுதியைத் தலைவருக்கும் காட்டிவிடுங்கள். ‘ஆமாம், இப்படித்தான்’ என்று அவர் சொன்னால் போதும்.

போட்ட பிறகு மெசேஜை `Pin` செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு உண்டு. நான் 7 நாள் வைத்தேன், அதற்குள் கேள்விகளுக்குப் பதில் வந்துவிட வேண்டும் என்பதற்காக. பதில் வர வர, பழைய மெசேஜைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கும். தேதி போட்டுப் புதிதாக ஒன்று எழுதிப் பழைய பின்னை எடுத்துவிடுங்கள்.

ஆன்டெனா கேள்விக்கு அன்று மாலையே பதில் வந்தது. நான்கில் இரண்டு ஆன்டெனாவை மூன்று வருடமாக யாரும் பயன்படுத்தவே இல்லையாம்.